0.70 என்றால் 30 சதவீதம் குறைவா? ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் வெளியீட்டை வாசித்தல்

கேள்வி: பொதுச் சுகாதார முதுகலை ஆய்வேட்டுக்கு முன்பயிற்சியாக ஸ்டேட்டாவின் `nhanes2` தரவில் உயர் ரத்த அழுத்தத்துக்கும் பாலினத்துக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போட்டேன். `logit` கட்டளையில் பெண்களுக்கு -0.36 வருகிறது, `logistic` கட்டளையில் 0.70 வருகிறது. "பெண்களுக்கு உயர் ரத்த அழுத்தம் 30 சதவீதம் குறைவு" என்று எழுதலாமா? பி மதிப்பு 0.000, ஆனால் `Pseudo R2` வெறும் 0.0058. அப்படியென்றால் மாடல் பொருந்தவில்லையா? என் தோழி ஆர் மென்பொருளில் போட்டபோது வந்த டீவியன்ஸ் எண்களை எப்படிப் படிப்பது?

பதில்: அப்படி எழுதக் கூடாது. இந்தத் தரவில் ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களிடையே உயர் ரத்த அழுத்தம் ஏறத்தாழ 19 சதவீதம் குறைவு. 30 சதவீதம் குறைந்திருப்பது ஆட்ஸ் என்ற வேறோர் அளவு. மாடலைப் பொறுத்தவரை, அது தரவோடு முழுமையாகப் பொருந்தியிருக்கிறது, 0.0058 என்ற எண் பொருத்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை. இந்த இரண்டையும் கையால் கணக்கிட்டே காட்ட முடியும். ஒரே ஒரு விளக்க மாறி, அதுவும் இரண்டே வகை கொண்டது என்பதால், நீங்கள் தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டு அதற்கு மிகவும் வசதியானது.

முதலில் தரவைச் சொல்லிவிடுகிறேன். இது அமெரிக்காவின் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம் 1976 முதல் 1980 வரை நடத்திய இரண்டாவது தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வின் ஒரு பகுதி. கோப்பில் உள்ளவர்கள் 20 முதல் 74 வயதுக்கு உட்பட்ட 10,351 பேர். ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை அளக்கப்பட்டவர்கள். ஆகவே இது குறுக்குவெட்டு ஆய்வு. ரிக்ரஷனுக்கு முன்னால் எப்போதும் செய்ய வேண்டிய எளிய அட்டவணை இது:

```
. tabulate highbp sex
        |   Male   Female |   Total
      0 |  2,611    3,364 |   5,975
      1 |  2,304    2,072 |   4,376
  Total |  4,915    5,436 |  10,351
```

ஆண்களில் 4,915 பேரில் 2,304 பேருக்கு உயர் ரத்த அழுத்தம். பரவல் வீதம் 46.9 சதவீதம். பெண்களில் 5,436 பேரில் 2,072 பேருக்கு, 38.1 சதவீதம். ஆட்ஸ் என்பது "உள்ளவர்களை" மொத்தத்தால் வகுப்பதில்லை, "இல்லாதவர்களால்" வகுக்கிறது. ஆண்களின் ஆட்ஸ் 2304/2611, அதாவது 0.882. பெண்களின் ஆட்ஸ் 2072/3364, அதாவது 0.616. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.698 கிடைக்கும். அதுதான் உங்கள் 0.70. அதன் இயல் மடக்கை -0.3595, அதுதான் உங்கள் -0.36. ஆகவே இரண்டு கட்டளைகளும் ஒரே மாடலைத்தான் ஓட்டுகின்றன; ஒன்று மடக்கை அளவுகோலில் காட்டுகிறது, மற்றொன்று அதை அடுக்கேற்றிக் காட்டுகிறது.

```
. logit highbp i.sex
           |    Coef.   Std. err.      z
    Female |   -.3595      .0400    -9.00
     _cons |   -.1251      .0286    -4.38
```

(எண்களை நான்கு இலக்கத்துக்குச் சுருக்கியிருக்கிறேன்.) மாறிலியையும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் அதற்கும் பொருள் உண்டு. -0.1251 என்பது அடிப்படை வகையான ஆண்களின் ஆட்ஸின் மடக்கை. அடுக்கேற்றினால் மேலே கண்ட 0.882 திரும்ப வரும். திட்டப்பிழை 0.0400 கூட இதே அட்டவணையின் நான்கு கட்டங்களிலிருந்து வருவதுதான்: நான்கு எண்களின் தலைகீழ்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் போதும். குணகத்தை அதனால் வகுத்தால் `z` மதிப்பு -9.00. நம்பிக்கை இடைவெளியை மடக்கை அளவுகோலில் கட்டி, பிறகு இரு முனைகளையும் அடுக்கேற்றினால் 0.645 முதல் 0.755 வரை வரும். `logistic` வெளியீட்டில் ஆட்ஸ் விகிதத்துக்குப் பக்கத்திலும் 0.028 என்று ஒரு திட்டப்பிழை அச்சாகும். அதை எடுத்து 0.698-இலிருந்து கூட்டிக் கழித்து இடைவெளி கட்டுபவர்கள் உண்டு. ஸ்டேட்டா அப்படிச் செய்வதில்லை, நீங்களும் செய்ய வேண்டாம். ஆட்ஸ் விகிதத்தின் பரவல் ஒருபக்கம் சாய்ந்தது. மடக்கை எடுத்த பிறகே அது ஓரளவு சமச்சீராகிறது.

இந்த இடத்தில் குறியீட்டுப் பிழைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த ஆய்வேடுகளில் விளக்கம் தலைகீழாகப் போனதற்கு இவைதான் பெரும்பாலும் காரணம். ஸ்டேட்டா சார்பு மாறியில் 0 என்பதை "இல்லை" என்றும், விடுபடாத மற்ற எல்லா எண்களையும் "ஆம்" என்றும் எடுத்துக்கொள்கிறது. 1, 2 என்று மட்டும் குறியிட்டிருந்தால் சார்பு மாறியில் மாற்றமே இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். அது நல்லது, நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் 0, 1 ஆகியவற்றோடு "தெரியாது" என்பதற்கு 9 போட்டிருந்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அந்த 9 எல்லாம் "ஆம்" பக்கம் சேர்ந்துவிடும். கள ஆய்வுத் தரவில் 9, 99 போன்ற குறியீடுகள் சாதாரணம் என்பதால், மாடலுக்கு முன் `tabulate highbp, missing` போட்டுப் பார்ப்பது கட்டாயம்.

ஆர் மென்பொருளில் சிக்கல் வேறு வகையானது. சார்பு மாறி ஃபாக்டராக இருந்தால் `glm` அதன் முதல் நிலையைத் தோல்வியாகவும் மற்றதை வெற்றியாகவும் கொள்ளும். நிலைகளின் வரிசையை நீங்கள் சொல்லாவிட்டால் அகரவரிசைதான். "உயர்", "சாதாரணம்" என்று தமிழில் பெயரிட்டால் உகரம் முன்னால் வரும், ஆகவே மாடல் சாதாரண ரத்த அழுத்தத்தின் நிகழ்தகவைக் கணிக்கும். எல்லாக் குணகங்களும் குறி மாறி நிற்கும், 0.70 என்பது 1.43 ஆகிவிடும். கண்டுபிடிக்க வழி எளிது: மாறிலியை அடுக்கேற்றி, அட்டவணையில் உள்ள அடிப்படை வகையின் ஆட்ஸோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதே காரணத்தால் `i.sex` என்பதில் உள்ள `i.` முன்னொட்டையும் விட்டுவிடாதீர்கள். இந்தக் கோப்பில் ஆண் 1, பெண் 2. வெறுமனே `sex` என்று கொடுத்தால் குணகம் அதே -0.3595-தான் வரும், ஆனால் மாறிலி 0.2344 ஆகிவிடும்; அது பாலினம் 0 என்ற, உலகில் இல்லாத ஒருவரின் ஆட்ஸைச் சொல்கிறது.

இனி 30 சதவீதத்துக்கு வருவோம். பரவல் வீதங்களை நேரடியாக வகுத்தால் 0.381/0.469, அதாவது 0.81. எனவே குறைவு 19 சதவீதம். ஆட்ஸ் விகிதமோ 0.70 காட்டுகிறது. ஒரு நோய் அரிதாக இருக்கும்போது, எடுத்துக்காட்டாக நூற்றில் இரண்டு பேருக்கு மட்டும் இருக்கும்போது, "இல்லாதவர்கள்" என்பதும் "மொத்தம்" என்பதும் கிட்டத்தட்ட ஒரே எண் என்பதால் ஆட்ஸ் விகிதமும் பரவல் விகிதமும் ஒட்டியே இருக்கும். இங்கே 42 சதவீதம் பேருக்கு நோய் இருக்கிறது, அதனால் இரண்டும் விலகி நிற்கின்றன. ஆட்ஸ் விகிதம் எப்போதும் 1-இலிருந்து இன்னும் தள்ளியே நிற்கும். எனவே அதை "மடங்கு" என்றோ "சதவீதம் குறைவு" என்றோ மொழிபெயர்க்கும்போது தொடர்பை மிகைப்படுத்தியே சொல்லிவிடுகிறோம். குறுக்குவெட்டு ஆய்வுகளில் கழிப்பறை வசதி, ரத்தசோகை, புகையிலைப் பழக்கம், தடுப்பூசி போட்டிருத்தல் என்று நாம் அளப்பவற்றில் பல அரிதானவை அல்ல என்பதால், இந்தப் பிழை குறுக்குவெட்டு ஆய்வுகளுக்கே உரியது போல அடிக்கடி வருகிறது.

ஆட்ஸ் விகிதத்தை அப்படியே எழுதுவதில் தவறில்லை: "ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதற்கான ஆட்ஸ் 0.70 மடங்கு" என்று சொன்னால் அது உண்மை. ஆனால் வாசகர் அதைப் பரவல் வீதமாகத்தான் மனதில் வாங்கிக்கொள்வார். ஆகவே நான் எப்போதும் வேண்டுவது, பக்கத்திலேயே பரவல் வீதங்களையும் அவற்றின் வித்தியாசத்தையும் கொடுங்கள் என்பதுதான். ஸ்டேட்டாவில் மாடலுக்குப் பிறகு `margins` கட்டளை அதைத் தருகிறது:

```
logistic highbp i.sex
margins sex
margins, dydx(sex)
poisson highbp i.sex, irr vce(robust)
```

இரண்டாவது வரி 0.469, 0.381 என்ற இரண்டு நிகழ்தகவுகளைத் தரும். மூன்றாவது வரி அவற்றின் வித்தியாசமான -0.088, அதாவது கிட்டத்தட்ட ஒன்பது சதவீதப் புள்ளிகளைத் தரும். கடைசி வரி பரவல் விகிதத்தை நேரடியாகக் கணிக்கும் வழி: 0.81 என்று வரும். 0, 1 என்ற மாறிக்கு பாய்சான் மாடல் பொருந்தாதே என்று தோன்றலாம். சராசரியைப் பற்றிய அதன் வடிவம் சரிதான், சிதறலைப் பற்றிய அனுமானம்தான் தவறு, அந்தத் தவறை `vce(robust)` திருத்திவிடுகிறது. ஆகவே அந்த விருப்பத்தை விட்டுவிடக் கூடாது.

இப்போது வயதையும் மாடலில் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாலினத்தின் ஆட்ஸ் விகிதம் மாறும். உடனே "வயது குழப்பக் காரணியாக இருந்தது, அதைச் சரிசெய்தோம்" என்று எழுதுவது வழக்கம். அது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஏனென்றால் ஆட்ஸ் விகிதத்துக்கு ஒரு விசித்திர குணம் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். முதியவர்களிடம் ஒரு பிரிவில் 80 சதவீதம், மற்றொரு பிரிவில் 50 சதவீதம் பேருக்கு நோய். ஆட்ஸ் 4 மற்றும் 1, விகிதம் 4. இளையவர்களிடம் 50 சதவீதம், 20 சதவீதம். ஆட்ஸ் 1 மற்றும் 0.25, விகிதம் மறுபடியும் 4. இரு பிரிவிலும் முதியவர்களும் இளையவர்களும் சரிபாதி, ஆகவே வயது எதையும் குழப்பவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 65 சதவீதம், 35 சதவீதம்; அதன் ஆட்ஸ் விகிதம் 3.45. குழப்பமே இல்லாத இடத்திலும் வயதைச் சேர்த்தவுடன் 3.45 என்பது 4 ஆக உயர்ந்துவிட்டது. பரவல் வித்தியாசமோ இரண்டு நிலையிலும் 30 புள்ளிகளாகவே இருக்கிறது.

இதன் நடைமுறை விளைவு ஒன்றுண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறிகளைச் சேர்த்துக்கொண்டே போய், அடுத்தடுத்த நிரல்களில் ஆட்ஸ் விகிதம் எப்படி மாறுகிறது என்று காட்டி, அந்த மாற்றத்தை வைத்துக் குழப்பக் காரணிகளைக் கண்டுபிடித்ததாகச் சொல்லும் அட்டவணைகளை நம்ப வேண்டாம். அந்த ஒப்பீடு வேண்டுமென்றால் ஒவ்வொரு மாடலுக்கும் `margins` மூலம் நிகழ்தகவு வித்தியாசத்தை எடுத்து ஒப்பிடுங்கள். வயதின் குணகத்தைப் படிக்கும்போது அது ஓர் ஆண்டுக்கானது என்பதையும் நினைவில் வையுங்கள். பத்து ஆண்டுகளுக்கு வேண்டுமென்றால் குணகத்தைப் பத்தால் பெருக்கிப் பிறகு அடுக்கேற்ற வேண்டும், ஆட்ஸ் விகிதத்தைப் பத்தால் பெருக்கக் கூடாது.

அடுத்து, பொருத்தம் பற்றிய உங்கள் கேள்வி. உங்கள் தோழியின் திரையில் வந்திருக்கக்கூடியது இதுதான்:

```
    Null deviance: 14102  on 10350  degrees of freedom
Residual deviance: 14020  on 10349  degrees of freedom
AIC: 14024
```

முதல் எண், பாலினத்தைக்கூடப் பார்க்காமல் எல்லோருக்கும் 42.3 சதவீதம் என்று சொல்லும் மாடலுக்கு உரியது. ஸ்டேட்டாவில் முதல் சுற்றில் அச்சாகும் மடக்கைச் சாத்தியக்கூறு -7050.8, அதை -2-ஆல் பெருக்கினால் 14102 வரும். இரண்டாவது எண் பாலினத்தைச் சேர்த்த பிறகு வந்தது. சுருக்காத எண்களில் வித்தியாசம் சுமார் 81.2; இதுவே ஸ்டேட்டாவின் `LR chi2(1)`. ஒரே ஒரு கட்டின்மைப் பாகைக்கு 81 என்பது மிகப் பெரிய எண், ஆகவே பி மதிப்பு 0.000 என்று காட்டப்படுகிறது. (எழுதும்போது 0.000 என்று எழுதாமல் 0.001-க்கும் குறைவு என்று எழுதுங்கள்.) அந்த 81.2-ஐ 14102-ஆல் வகுத்தால் 0.0058. அதுதான் `Pseudo R2`. ஒரே வித்தியாசத்தை இரண்டு விதமாகப் பார்க்கிறோம்: தற்செயலால் இவ்வளவு வித்தியாசம் வருமா என்று கேட்டால் வராது என்பது பதில், தனி மனிதர்களிடையே யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்பதில் உள்ள நிச்சயமின்மையைப் பாலினம் எவ்வளவு தீர்த்துவைக்கிறது என்று கேட்டால் மிகக் கொஞ்சம் என்பது பதில். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. பத்தாயிரம் பேர் கொண்ட ஆய்வில் இது எதிர்பார்க்கத்தக்கதே.

இதே திரையில் ஒரு பொறியும் இருக்கிறது. 14020-ஐ 10349-ஆல் வகுத்தால் 1.35 வரும், ஒன்றுக்கு மேல் இருக்கிறதே, ஆகவே மிகைச் சிதறல் இருக்கிறது, மாடல் பொருந்தவில்லை என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். ஒவ்வொரு வரியும் ஒரு மனிதராகவும், விடை 0 அல்லது 1 ஆகவும் இருக்கும் தரவில் அந்த வகுத்தலுக்குப் பொருளே இல்லை. அங்கே எஞ்சிய டீவியன்ஸ், கணிக்கப்பட்ட நிகழ்தகவுகளை மட்டுமே சார்ந்தது; அவை பாதிக்கு அருகில் இருந்தால் பெரிதாகவும், 0 அல்லது 1-க்கு அருகில் இருந்தால் சிறிதாகவும் இருக்கும். பொருத்தத்தை அது அளப்பதில்லை.

பொருத்தம் என்றால், மாடல் 38.1 சதவீதம் என்று சொல்லும் மக்களிடையே உண்மையில் 38.1 சதவீதம் பேருக்கு நோய் இருக்கிறதா என்பதுதான். உங்கள் மாடலில் இரண்டே கணிப்புகள். இரண்டும் அட்டவணையில் உள்ள வீதங்களோடு இம்மி பிசகாமல் ஒத்துப்போகின்றன. ஆகவே பொருத்தம் முழுமையானது. ஆனால் ஆளைப் பிரித்தறியும் திறன்? நோயுள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் தற்செயலாக எடுத்தால், நோயுள்ளவருக்கு மாடல் அதிக நிகழ்தகவு தருவதற்கான வாய்ப்பை, இருவருக்கும் ஒரே நிகழ்தகவு வந்தால் அதைப் பாதியாகக் கணக்கிட்டு, `lroc` தரும் வளைகோட்டின் கீழ்ப் பரப்பு சொல்கிறது. இங்கே அது 0.545, நாணயம் சுண்டிப் பார்ப்பதற்கு 0.5. இன்னும் ஒன்று: `estat classification` போட்டால் 57.7 சதவீதம் சரியாக வகைப்படுத்தப்பட்டதாக வரும், பார்க்க நன்றாக இருக்கும். இரண்டு கணிப்புகளுமே 0.5-க்குக் கீழ் என்பதால் மாடல் 10,351 பேரையும் "நோயில்லை" என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறது. நோயுள்ள 4,376 பேரில் ஒருவரைக்கூட அது பிடிக்கவில்லை. அந்த 57.7 என்பது நோயில்லாதவர்களின் விழுக்காடு மட்டுமே. எந்தக் காரணிகள் நோயோடு தொடர்புடையவை என்று பார்க்கும் குறுக்குவெட்டு ஆய்வுக்கு இந்த வகைப்பாட்டு அட்டவணை தேவையே இல்லை என்பது என் கருத்து; தனி நபருக்கு நோயைக் கணிக்கும் கருவி செய்பவர்களுக்குத்தான் அது வேண்டும்.

வயது போன்ற தொடர் மாறிகளைச் சேர்த்த பிறகு பொருத்தம் தானாக வந்துவிடாது, சோதிக்க வேண்டும். `estat gof, group(10)` தரும் ஹாஸ்மர்–லெமேஷோ சோதனை, மக்களைக் கணிக்கப்பட்ட நிகழ்தகவின்படி பத்துக் குழுக்களாக்கி, ஒவ்வொன்றிலும் எதிர்பார்த்த எண்ணிக்கையையும் கண்ட எண்ணிக்கையையும் ஒப்பிடுகிறது. இதில் பி மதிப்பு சிறிதாக இருந்தால்தான் கெட்ட செய்தி. பழக்கதோஷத்தில் தலைகீழாகப் படித்துவிடாதீர்கள். பத்தாயிரம் பேர் இருக்கும்போது நடைமுறையில் பொருட்படுத்தத் தேவையில்லாத விலகலும் சிறிய பி மதிப்பைத் தரும். நூறு பேர் இருக்கும்போது பெரிய விலகலும் தப்பிவிடும். மேலும் விலகல் எங்கே இருக்கிறது என்று சோதனை சொல்வதில்லை. அதனால் நான் `table` விருப்பத்தோடு பத்துக் குழுக்களையும் பார்ப்பேன், பிறகு வயதை ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து, ஆண் பெண் தனித்தனியாக, கண்ட வீதத்தையும் கணித்த வீதத்தையும் ஒரே படத்தில் வரைவேன். ரத்த அழுத்தத்தில் இது பயன் தரும்: இளம் வயதில் பெண்களுக்கு ஆண்களைவிட ரத்த அழுத்தம் குறைவாக இருந்து, மாதவிடாய் நின்ற பிறகு அந்த இடைவெளி சுருங்குகிறது. எல்லா வயதுக்கும் ஒரே ஆட்ஸ் விகிதம் என்று கட்டாயப்படுத்தும் மாடல் இளையவர்களிடம் ஒருபக்கமும் முதியவர்களிடம் மறுபக்கமும் விலகும். மருந்து `i.sex##c.age` என்ற இணைவு உறுப்பு. அதைச் சேர்த்த பின் பாலினத்தின் தனிக் குணகம் வயது பூச்சியத்தில் உள்ள வித்தியாசத்தைக் குறிக்கும் என்பதால், அதை அட்டவணையில் வைத்து விளக்காமல், 30, 50, 70 வயதுகளில் `margins` எடுத்துக் காட்டுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் 10,351 பேரைப் பற்றியது, அமெரிக்க மக்களைப் பற்றியது அல்ல. இந்த ஆய்வில் முதியவர்களும் ஏழைகளும் வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்க்கப்பட்டார்கள். முதியவர்களுக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்பதால் 42.3 சதவீதம் என்ற எண்ணே மேல்நோக்கிச் சாய்ந்தது. அந்தச் சாய்வை நேராக்க ஒவ்வொருவருக்கும் `finalwgt` என்ற எடை இருக்கிறது. எடைகளைக் கூட்டினால் 11 கோடியே 71 லட்சத்துச் சொச்சம் வரும், அதாவது ஆய்வு பிரதிநிதித்துவம் செய்யும் மக்கள்தொகை. ஆர் மென்பொருளில் இந்த எடையை `glm`-இன் `weights` இடத்தில் போடுவது மிக மோசமான தவறு. `glm` அதை ஆட்களின் எண்ணிக்கையாகவே எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு கோடிக்கு அருகில் மக்களைக் கண்டதாக நினைத்துத் திட்டப்பிழையைச் சுமார் நூறில் ஒரு பங்காகச் சுருக்கிவிடும், 0.04 என்பது 0.0004 ஆகும், மாடலில் போட்ட எல்லாமே முக்கியமானதாகத் தெரியும். `z` மதிப்புகள் நூற்றுக்கணக்கில் வந்தால் இந்தத் தவறைச் சந்தேகியுங்கள். சரியான வழி ஆய்வின் வடிவமைப்பையே மென்பொருளுக்குச் சொல்வது:

```
svyset psu [pweight=finalwgt], strata(strata)
svy: logistic highbp i.sex c.age
estat gof
```

```
des <- svydesign(ids = ~psu, strata = ~strata,
                 weights = ~finalwgt, data = d, nest = TRUE)
m <- svyglm(highbp ~ factor(sex) + age, design = des,
            family = quasibinomial())
```

ஆர் வடிவத்தில் `quasibinomial()` போடுவது, எடைகள் முழு எண்களாக இல்லை என்ற தேவையற்ற எச்சரிக்கையைத் தவிர்க்க, குணகங்கள் மாறுவதில்லை. `nest = TRUE` போடுவது, ஒவ்வோர் அடுக்கிலும், அதாவது `strata`-விலும், கொத்துகள், அதாவது `psu`, 1, 2 என்று மறுபடி எண்ணிடப்பட்டிருப்பதால். இந்த ஆய்வில் 31 அடுக்குகள், 62 கொத்துகள். வெளியீட்டின் தலைப்பில் `Design df = 31` என்று வரும். கொத்துகளிலிருந்து அடுக்குகளைக் கழித்த எண் அது. பத்தாயிரம் பேரை அளந்திருந்தாலும் திட்டப்பிழையைக் கணிக்க நம்மிடம் இருப்பது அவ்வளவுதான். ஒரே கொத்தில் வாழ்பவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால், நம்பிக்கை இடைவெளிகள் எடையில்லாத மாடலில் கண்டதைவிட விரிவாக இருக்கும். அந்த விரிவுதான் நேர்மையானது.

அதோடு `LR chi2`, `Pseudo R2` இரண்டும் திரையிலிருந்து மறைந்துவிடும், அவற்றின் இடத்தில் `F` சோதனை வரும். எதையோ தவறாகச் செய்துவிட்டோம் என்று பயப்பட வேண்டாம். எடையிட்ட தரவில் உண்மையான சாத்தியக்கூறு என்று ஒன்று இல்லை. அதன்மேல் கட்டிய எண்களும் அதனால் இல்லை. இரண்டு மாடல்களை ஒப்பிட ஸ்டேட்டாவில் `testparm`, ஆர் மென்பொருளில் `regTermTest` பயன்படுத்துங்கள். `estat gof` மட்டும் `svy` மாடலுக்குப் பிறகும் வேலை செய்யும், வடிவமைப்புக்கு ஏற்பத் திருத்தப்பட்ட வடிவில். பெண்களை மட்டும் தனியே ஆராய வேண்டுமென்றால் `if` போட்டு வரிகளை நீக்காமல் `subpop()` பயன்படுத்துங்கள். நீக்கினால் சில கொத்துகளே காணாமல் போய்த் திட்டப்பிழை தவறிவிடும்.

இனி உங்கள் வாக்கியம். "பெண்ணாக இருப்பது உயர் ரத்த அழுத்தம் வரும் அபாயத்தைக் குறைக்கிறது" என்று எழுதாதீர்கள். இங்கே யாருக்கும் நோய் வருவதை நாம் பார்க்கவில்லை, அளந்த அன்று இருந்ததைத்தான் பார்த்தோம். அந்த `highbp` மாறியே அன்றைய அளவு 140/90 என்ற எல்லையைத் தாண்டியதா என்பதை வைத்துச் செய்யப்பட்டது; மாத்திரை சாப்பிட்டு அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்த ஒருவர் அதில் 0 என்றே பதிவாகியிருப்பார். சிகிச்சை பெறுவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இருந்தால் அந்த 0.70-இன் ஒரு பகுதி அங்கிருந்தும் வந்திருக்கலாம். பயிற்சிக்கான எடையிடாத மாடலுக்கு நான் இப்படி எழுதுவேன்: "அளக்கப்பட்ட அன்று ஆண்களில் 46.9 சதவீதத்தினருக்கும் பெண்களில் 38.1 சதவீதத்தினருக்கும் ரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது. பரவல் விகிதம் 0.81, ஆட்ஸ் விகிதம் 0.70, அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.65 முதல் 0.75 வரை." ஆய்வேட்டில் உங்கள் சொந்தத் தரவுக்கு எழுதும்போது இதே வாக்கியத்தில் எடையிட்ட எண்களை வைத்து, கொத்துகளும் அடுக்குகளும் எத்தனை என்பதை அட்டவணையின் அடியில் குறிப்பிடுங்கள்.